மாஸ்டரம்மா வீட்டு ஏழு நாள்

தோலுரித்த முட்டையை மாஸ்டரம்மாவின் கையில் நான்தான் வைத்தேன். துக்கத்தில் இருப்பவள் தானே உரிக்கக் கூடாதாம்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டர் செத்த வருஷம் ஐம்பத்தாறோ ஏழோ. யூதக் குடும்பம், பம்பாய்ப் பக்கம். மெட்ராஸில் அவர்களுக்கென்று இருந்த இடுகாட்டில் அன்றே அடக்கம் செய்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் எங்களுடையது.

மாஸ்டரம்மாவின் தங்கை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "முதல் சாப்பாடு இந்த ஊட்டு சாப்பாடா இருக்கக் கூடாதுக்கா. புதுச் சட்டியில முட்டையும் முழுப் பயறும் வேகவெச்சுக் கொண்டா. கறி வேணாம், பூ வேணாம். அவ வாயத் தொறக்காம நீ பேசாத. போறப்போ சொல்லிக்காத."

கடைசியாகச் சொன்னது எங்களுக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் மார்பிலடித்து அழாத சாவு வீட்டை அன்றுதான் பார்த்தேன். கண்ணாடிமேல் துணி. ஓயாமல் எரியும் ஒரு விளக்கு. மாஸ்டரம்மா வலப்பக்கம் கிழித்துவிட்ட ரவிக்கையோடு, செருப்பில்லாமல், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "அவருக்கும் பயறுன்னா பிடிக்கும்" என்றாள். அப்புறம்தான் நான் அழுதேன்.

மூன்றாம் நாள் புது மாஸ்டர் மாலையும் கையுமாக வந்தான். நின்றபடியே, "ஊடு எப்போம்மா காலியாவும்? எங்க பொட்டியெல்லாம் பிளாட்பாரத்துல கெடக்குது" என்றான். அவள் நிமிரவில்லை. அவன் கண்ணாடித் துணியை விலக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "யோவ், நீயெல்லாம் மனுசனா?" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் என் வாயைப் பொத்தினார். அவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்.

தங்கை மட்டும் பொறுமையாகச் சொன்னாள். "ஏழு நாள் அவ வாசல் தாண்டக் கூடாது சார். ஏழாம் நாள் காலையில எழுப்பி வெளிய ஒரு சுத்து நடக்கவெப்போம். அதோட முடிஞ்சுது. அப்புறம் பேசிக்கலாம்."

அவன் தலையாட்டினான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கொஞ்சம் ஈரம் இருக்கிற ஆள்தான் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மட்டும் அவள் கிழியாத துணி கட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத் துக்கம் வெளியே தெரியக் கூடாதாம், ஆனால் ஏழு நாள் கணக்கில் சேருமாம்.

ஏழாம் நாள் காலை தங்கை அவள் கையைப் பிடித்து, "எழுந்திரு" என்றாள். மூன்று பேரும் வீட்டைச் சுற்றி ரயில்வே கேட் வரை நடந்தோம். வெயில் பட்டு அவள் கண்ணைச் சுருக்கினாள். திரும்பி வந்தால் வாசலில் அவள் பெட்டி, பாத்திரம், அணையாமல் எரிந்துகொண்டிருந்த விளக்கு. கதவில் பூட்டு. அந்த ஒரு சுற்றுக்காகத்தான் பாவி காத்திருந்திருக்கிறான்.

தங்கை அங்கேயே தரையில் உட்காரப் போனாள். மாஸ்டரம்மா அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"உட்காராத. ஏழு நாள் முடிஞ்சிடுச்சு."

இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. குவார்ட்டர்ஸ் இருந்த தடமில்லை. எத்தனையோ சாவு வீட்டுக்குப் போய்விட்டேன், ஒருத்தன்மேலும் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அன்று மாஸ்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் புது மாஸ்டரைத் தாண்டிப் போனாள். அவன்தான் தலையைக் குனிந்தான். அவள் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.