ரோசம்மாளின் விசில்

பூரணாங்குப்பம் ரோசம்மாள் அபிஷேகப்பாக்கத்துக்கு மீன் கொண்டுவந்தால் கூவ மாட்டாள். இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வாய்க்குள் மடித்து ஒரு விசில் அடிப்பாள். தெருவே பாத்திரத்தோடு வெளியே வந்துவிடும். பொம்பளை விசிலடிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் அவள் மீன்தான் வேண்டும்.

அன்று காலை விசில் இல்லை. கணவன் சூசைநாதன் டிவிஎஸ் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து "மீனேய்" என்று கூவிக்கொண்டு வந்தாள். இடது ஆள்காட்டி விரல் ஓர் எலுமிச்சம்பழத் தொப்பி போட்டிருந்தது. முந்தாநாள் கெளுத்தி மீனின் முள் குத்திய விரல் அது. நகச்சுத்தி என்று தீர்மானித்து, பழத்தில் ஓட்டை போட்டுச் செருகியது சூசைநாதன் வைத்தியம். ராத்திரி முழுக்க விண் விண்ணென்று தெறித்தும் கழற்ற விடவில்லை.

விசிலைக் காணோமே என்று துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஆரோக்கியசெல்வி தானே வெளியே வந்தாள். பழத்தை உருவிப் பார்த்தாள். விரல் முழுக்க ஒரே பருமனாக வீங்கி, லேசாக மடங்கியே நின்றது. உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக எங்கே தொட்டாலும் வலி. நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். ரோசம்மாள் போட்ட கத்தலில் காக்கைகள் பறந்தன.

"நகச்சுத்தின்னா நுனியிலதாங்கா இருக்கும். இது விரலை மடக்குற நாண் ஓடுற உறைக்குள்ள சீழ் புடிச்ச மாதிரி தெரியுது. இன்னிக்கே தெறந்து கழுவணும். வுட்டா நாண் அழுகிடும், விரல் மடங்காது."

"அப்ப விசிலு?"

"விசிலும் இல்ல."

ரோசம்மாளின் முகம் செத்துப்போனது. "இந்த மீனை வித்துட்டுப் போயிடறேன்டி."

"மீனை எதுத்த வூட்டு வேலம்மா அக்கா வித்துக் குடுப்பாங்க. நீ எதுவும் சாப்பிடாத, மயக்க மருந்து குடுப்பாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு போன் போடறேன்."

புதுச்சேரி போய்ச் சேரும்வரை சூசைநாதன் ஒரு டீக்கடையில்கூட வண்டியை நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது முதல் தடவை.

பொழுது சாய்வதற்குள் விரலின் அடியிலும் நுனிப்பக்கமும் சின்னதாகக் கீறிச் சீழை எடுத்து, உறைக்குள் உப்புநீர் விட்டுக் கழுவிவிட்டார்கள். "நாண் நல்லாதான் இருக்கு, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். சூசைநாதன் அழுதேவிட்டார்.

அப்புறம் மருந்து, கட்டு, விரலை மடக்கி நீட்டும் பயிற்சி. வலிக்க வலிக்க மடக்கினாள். எண்ணிக்கை சொன்னது சூசைநாதன்.

காயம் ஆறி மறுபடி மீனோடு வந்த நாளில், தெருமுனையில் விரல்களை வாய்க்குள் மடித்து ஊதினாள். வெறும் காற்று. சூசைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டை நனைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஊதினாள்.

கதவுகள் திறந்தன. எல்லாருக்கும் முன்னால் பாத்திரத்தோடு ஓடிவந்தது ஆரோக்கியசெல்வி.

"இன்னா மீனுக்கா?"

"கெளுத்தியைத் தவிர எல்லாம் இருக்கு" என்று சொல்லி, ரோசம்மாள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.