வலியைக் கவனித்த வியாகுலம்மாள் அக்கா

திண்டுக்கல்லில் எங்கள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் வியாகுலம்மாள் அக்கா. வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் கல்லாவில் இருக்கிற என்மேல்தான் எரிந்து விழுவார்.

பரிசோதித்து மருந்து கொடுத்த டாக்டரம்மா, "தினமும் அஞ்சு நிமிஷம் உக்காந்து மூச்சைக் கவனிங்க. நினைப்பு எங்கயாவது ஓடினா, திட்டாம மூச்சுக்கே கூட்டி வாங்க. வலி வந்தா அதையும் கவனிங்க" என்றார்.

மெஸ்ஸில் கவனிப்பது என்றால் விழுந்து விழுந்து உபசரிப்பது. வலியையும் அக்கா அப்படியே கவனித்தார். தைலம், சுக்குப் பற்று, தலையில் இறுக்கிய துணி! வலி அசையவில்லை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒண்ணும் செய்யாதீங்கம்மா. எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு சும்மா பாருங்க."

சும்மா இருக்கிற ஆளா இவர்? நான் நம்பவேயில்லை. மருந்தையும் விடாமல், தினமும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழகினார்.

நேற்று மதியக் கூட்டத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

"வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு. வெட்டிக்கதை பேச வந்த ஆளு மாதிரி ஒரு ஓரமா உக்காந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும். சாப்பிட வந்தவங்களைக் கவனிக்கணும்ல?"