துரைக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகை

ஹட்டனில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுப்பது என் வேலை. ஒருநாள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா தன் அண்ணனோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஆங்கிலத்தில் பத்திரிகை வேண்டுமாம். தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்து அண்ணனே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதில் மணமகளின் இறந்துபோன தகப்பனார் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இங்கிலீசுல உயிரோட இருக்கிறவங்கதாங்க கூப்பிடணும்" என்றேன்.

"தாலியறுத்தவ எப்படிங்க முன்னுக்கு நிக்கிறது? வாசல்ல கூட அண்ணன்தான் நின்னு வரவேப்பாரு" என்றார் அம்மா.

நான் தட்டச்சு செய்தேன். மேல் வரியில் திருமதி என்று அவர் பெயர் மட்டும். மகளின் திருமணத்துக்குத் தங்கள் வருகையை அவர் வேண்டுகிறார் என்று அடுத்த வரி. தகப்பனார் 'காலஞ்சென்ற' என்ற சொல்லோடு மகளின் பெயருக்குக் கீழே போனார். பிறகு தமிழில் படித்துச் சொன்னேன்.

"தொரைய நானா கூப்பிடுறேன்?"

"நீங்கதாம்மா."

"தனியாவா?"

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். கணினித் திரையைப் பார்த்துக் கைகூப்பி, மெதுவாக, "வாங்க" என்றார்.

நானும் எழுந்து நின்றேன்.