நனையாத துண்டு

எங்கள் வீட்டில் என்னைப் போலீஸ்காரி என்பார்கள். இருக்கட்டும். சந்தேகப்படாமல் இருபத்தைந்து வருஷம் ஒரு பேங்க் ஆபீசரோடு குடித்தனம் நடத்தியவள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அந்த சனிக்கிழமை காலை இவர் குளியலறையில் இருந்தார். தண்ணீர் மக் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினேன், பதில் இல்லை. நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, தலை காய்ந்திருந்தது, தோளில் துண்டும் காய்ந்திருந்தது. குளிக்கிறவர் துண்டு எப்படி நனையாமல் இருக்கும்?

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அதே தலைவலிதான்."

இவருடைய ஒற்றைத் தலைவலி எனக்கு அத்துப்படி. முதலில் கண்ணில் மினுமினுப்பு, பிறகு ஒரு பக்கம் மெல்ல ஏறும், இருட்டில் தூங்கினால் மாலைக்குள் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. ஞாயிறு காலையும் ஜன்னல் திரையைத் திறக்கவிடவில்லை. எதிர் ஃப்ளாட் வங்காளி அம்மா, பௌதி என்று கூப்பிடுவோம், எட்டிப் பார்த்து, "கேஸ் ஹொயேச்சே", அதாவது வாயு பிடித்துவிட்டது, என்று தீர்ப்புச் சொல்லி ஒரு ஜீரண மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு வலித்தாலும் கேஸ். இவரும் நல்ல பிள்ளையாக அதைக் குடித்தார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது கவனித்தேன். தட்டைக் குனிந்து பார்க்காமல், தட்டையே முகத்துக்கு நேரே தூக்கிச் சாப்பிட்டார். வேண்டுமென்றே ஸ்பூனைக் கீழே தள்ளினேன். எடுக்கப் போனவர் கழுத்தை வளைக்கவில்லை, முழங்காலை மடக்கி உட்கார்ந்து கையால் துழாவினார்.

"கழுத்து ஏன் வளையல?"

"தலகாணி சரியில்ல."

"நேத்து பாத்ரூம்ல என்ன நடந்தது? குளிக்கலன்னு எனக்குத் தெரியும்."

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். அந்த நழுவல்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. டாக்சி கூப்பிட்டேன். புதன்கிழமை சென்னையில் மகள் வளைகாப்பு, டிக்கெட் இருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால் எல்லாம் கெடும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர். எனக்கு முன்னால் இவர் முந்திக்கொண்டார்: "பழைய மைக்ரேன்தான், டாக்டர். ரெண்டு நாளா லேசா இருக்கு." தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தாயா என்ற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர், எப்படி ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. மெல்ல ஏறுச்சா, பட்டுன்னு வந்துதா, அதக் கேளுங்க."

டாக்டர் திரும்பி இவரைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே நொடிதான்," என்றார் கடைசியில். "மண்டைல யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி. உடனே வாந்தி. அந்த மாதிரி வலி வாழ்க்கையில வந்ததே இல்ல."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மயக்கம் வந்ததா, ஒன்று இரண்டாகத் தெரிந்ததா, கை கால் மரத்ததா, வீட்டில் யாருக்காவது மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததா என்று வரிசையாகக் கேட்டார். படுக்கவைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்து மரக்கட்டையாய் நின்றது. நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, விறைத்த கழுத்து, வாந்தி, இவை சேர்ந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்றார். கசிவு நடந்து ஒரு நாளுக்கு மேலானால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம், அதனால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கண்ணாடிக் குழாயில் வந்த நீர் தெளிவாக இல்லை. மஞ்சளாக இருந்தது. கசிந்த ரத்தம் பழசாகி அந்த நிறம் வருமாம். அடுத்து ரத்தக்குழாய்களைப் படமெடுத்ததில் ஒன்று சிறு குமிழாகப் புடைத்திருந்தது தெரிந்தது. முதல் கசிவில் தப்பித்தவர்கள் இரண்டாவதில் தப்புவது அரிது என்று பெரிய டாக்டர் சொன்னார். மறுநாளே தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தக் குமிழை அடைத்தார்கள்.

அதற்கு முன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்தார்.

"நீ கதவத் தட்டினப்போ பேச்சு வரல. வாந்தி எடுக்கற சத்தம் கேட்டா நீ பயந்துடுவியேன்னுதான் குழாயத் திறந்து விட்டேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும்தான்.

வளைகாப்புக்கு நாங்கள் போகவில்லை. பிரசவத்துக்குப் பிறகு மகள் பேரனோடு இங்கே வந்தாள். இவர் இப்போது தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறார், அது என் சட்டம். குழாய் கொஞ்சம் அதிகம் ஓடினால் கதவைத் தட்டுகிறேன்.

"இருக்கேண்டி," என்கிறார் உள்ளேயிருந்து.

வெளியே வந்ததும் துண்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.