மூலதனத்திலிருந்து கடனுக்கு

தர்மபுரியில் ஆடிட்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வருஷம் பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்தியவன் விலகுகிறான் என்றால் தொண்டையாவது அடைக்க வேண்டும். எனக்கு முட்டிதான் வலித்தது. விடியற்காலையில் ஏலத்தில் நின்று நின்று தேய்ந்துபோன அந்த முட்டிக்காகத்தான் விலகினேன்.

மண்டியில் நாங்கள் மூன்று பங்காளிகள். நான், என் கூட்டாளி, அவன் தம்பி. நானும் கூட்டாளியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கட்டடத்துக்கும் வண்டிக்கும் இன்றைய மதிப்புப் போட்டு, வராத கடன்களைக் கழித்து, மண்டிப் பெயரின் மதிப்பில் என் பங்கைச் சேர்த்து, என் மூலதனக் கணக்கில் பதினாறு லட்சம் நின்றது. அதை ஒரே தடவையில் எடுத்தால் மண்டி படுத்துவிடும். அதனால் நாலு வருஷத் தவணை, நிலுவைக்கு ஒன்பது சதவீத வட்டி என்று பேசி முடித்தோம்.

ஆடிட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: “மூலதனக் கணக்கை முடிச்சு, பூரா தொகையையும் உங்க பேர்ல கடன் கணக்குக்கு மாத்திட்டங்க. இனிமே நீங்க பங்காளி இல்லீங்க, மண்டிக்குக் கடன் குடுத்தவரு. லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் உங்க தவணையும் வட்டியும் மாறாது.”

பிறகு, “வெல கவுந்த வருசத்துல தவணையத் தள்ளிப் போடலாம்னு ஒரு வரி சேக்கலாமா?” என்று கேட்டார். கூட்டாளி என்னைப் பார்த்தான். கேட்க மாட்டான், அவன் சுபாவம் அது. நானாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தான். “எல்லாரும் எழுதற மாதிரியே எழுதுங்க” என்றேன். அந்த வரி சேரவில்லை. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

பத்து நாள் கழித்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மண்டிக்குப் போனேன். எங்கள் மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் பங்காளிகள் உட்காருவார்கள். எதிரே உள்ள பெஞ்சில், சரக்குப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகள் உட்காருவார்கள். என் நாற்காலியில் தம்பி இருந்தான். எழுந்திருக்கப் போனவனைக் கையமர்த்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டாளி டீ சொன்னான். குடித்து முடிக்கும் முன்பே, “மார்ச்சுல தவணைய கரெக்டா போட்டுடறம்ப்பா” என்றான். நான் தவணை கேட்கவே இல்லை. அடுத்த தடவையும் டீ வந்தது, அதே பேச்சும் வந்தது. கடன் வாங்கியவனுக்குக் கதவுச் சத்தம் எல்லாம் கடன் கொடுத்தவன் வருவதாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. மூன்றாவது தடவை போகவில்லை. வருத்தப்பட்டேனா என்றால், அதுவும் இல்லை.

முதல் தவணை வட்டியோடு சரியாக வந்தது. இரண்டாம் வருஷம் தக்காளி விலை கவிழ்ந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் ஜனங்கள் சரக்கை ரோட்டோரத்தில் கொட்டினார்கள். மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிகள் எதைக் கொண்டுவந்து அதைக் கழிப்பார்கள்? பங்காளியாக இருந்திருந்தால் அந்த அடியில் மூன்றில் ஒன்று என் முதுகில் விழுந்திருக்கும். இப்போது என் கணக்கில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

மார்ச் கடைசி நாள் பஸ் ஏறினேன். ‘இந்த வருஷம் விட்டுடுப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நேரில் சொல்லிவிட வேண்டும். இதைப் போன மாதமே சொல்லியிருக்கலாம். பஸ் பாலக்கோட்டை நெருங்கும்போது போனில் செய்தி வந்தது. தவணை நாலு லட்சம், மிச்சம் பன்னிரண்டு லட்சத்துக்கு வட்டி ஒரு லட்சத்து எட்டாயிரம், ஒரு ரூபாய் குறையாமல் என் கணக்கில் ஏறிவிட்டது.

இருந்தாலும் போனேன். மண்டியில் தம்பி மட்டும் இருந்தான். “அண்ணி நகையெல்லாம் பேங்க்ல வச்சாச்சுங்ண்ணா” என்று மெதுவாகச் சொன்னான். அந்த அண்ணி கையால் இருபது வருஷம் மத்தியானச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

கூட்டாளி வந்ததும் கத்தினேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் தள்ளிக் குடுத்திருக்க மாட்டனா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபமே இல்லாமல், பக்கத்தில் நிற்கிற யாருக்கோ விலை சொல்வதுபோலச் சொன்னான்: “நட்டத்துல உனக்குப் பங்கு இல்லையேப்பா. உங்கிட்ட வந்து என்னன்னு சொல்றது?”

அவன் அன்று டீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தவணை பாக்கி இருந்தது.