பரமலிங்கம் தள்ளி வைத்த நீர்வாய்கள்

பரமலிங்கத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்காவது நான் அவர்மேல் இரங்கினால் அதை நட்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிழக்கே உள்ள எங்கள் வீதியின் முனையில் நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பரமலிங்கத்தின் வீடு வீதியின் கடைசியில், தோட்டக் காணிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா ஏரம்பு இந்த வீதிக் கிணறுகளை எல்லாம் இறைத்துச் சேறள்ளித் துப்புரவாக்கியவர். அவருக்குத் தேத்தண்ணியும் கூலியும் வீட்டின் பின்பக்கத்தால்தான் வரும். பரமலிங்கம் படித்து, வெளிநாட்டில் வீதி வேலை பார்த்து, திரும்பி வந்து ஒரு ஒப்பந்தக் கம்பனியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த பிறகும், "ஏரம்புவின்ரை பெடியன்" என்பதுதான் அவருக்கு இங்கே பெயர். தலை நரைத்த ஆளைப் பெடியன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரு கலியாண வீட்டிலாவது முன்வரிசைக் கதிரையில் அவரை இருத்தியதை நான் கண்டதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கதிரைதான். அதற்காக மனிதர் எதையும் கொடுப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீதியை அகலமாக்கித் தார்க் காப்பெற் போடும் வேலை அவருடைய கம்பனிக்குக் கிடைத்தது. பரமலிங்கத்தையே பொறுப்பாக விட்டார்கள். எஞ்சினியர் கோகுலன் எப்போதாவது வந்து, வாகனத்தை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போவார். இரண்டு கரையிலும் கொங்கிறீட் கட்டு, அதன் பின்னால் நடைபாதைக்குக் கீழே தண்ணீர் வடிய மூடிய கான். அந்தக் கரைக்கட்டில் இடைக்கிடை வாய் திறந்துவிடுவார்கள். வீதியில் விழுகிற மழைத்தண்ணீர் கரைக்கு வழிந்து, கட்டோடு ஓடி, அந்த வாய்களால் கானுக்குள் இறங்க வேண்டும். வரைபடத்தில் அதற்கு நீர்வாய் என்று பெயர். சனங்கள் ஓட்டை என்றார்கள்.

பரமலிங்கம் வேலை தெரியாத ஆள் இல்லை. என் கடைக்குக் காற்றடிக்க வந்த ஒரு நாள், நான் தரை கழுவிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டியே எனக்கு விளங்கப்படுத்தினார்.

"பாருங்கோ அண்ணை, சுவர்க்கரையோடை ஓடேக்கை தண்ணி ஒடுக்கமாய்த்தான் ஓடும். சேரச் சேர அகலிச்சு நடுவுக்கு வரும். அப்பிடி வாறதுக்கு முதல் ஒரு வாய் குடிக்கவேணும். எங்கடை ஊர் தட்டை. தண்ணிக்கு ஓட்டம் இல்லை, கெதியாய் அகலிக்கும். அதாலை இஞ்சை வாய்களைக் கிட்டக்கிட்ட வைக்கவேணும்."

"ஒரு வாய் குடிச்சால் முடிஞ்சுதே?"

"இல்லை. பெருமழைக்கு ஒரு வாய் முழுக்கக் குடியாது. மிச்சம் அடுத்ததுக்குப் போகும். கடைசியிலை எல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். அங்கை மேலதிகமாய் வேணும். பள்ளத்தின்ரை அடியிலை ஒண்டு, ரண்டு பக்கமும் கிட்டவாய் ஒவ்வொண்டு."

அந்தப் பள்ளம் சரியாகக் கனகரத்தினம் வீட்டு வாசலில் இருந்தது. இளைப்பாறிய வங்கி முகாமையாளர் அவர். வீதியிலேயே பெரிய வீடும் உயர்ந்த மதிலும் அவருடையவை.

முதல் முறைப்பாடு பத்மாவதி ரீச்சரிடம் இருந்து வந்தது. அவருடைய வாசல் படலைக்கு நேரே கரைக்கட்டில் சிவப்பு மையால் அடையாளம் வைத்திருந்தார்கள்.

"நிறைகுடம் வைக்கிற வாசல் தம்பி இது. ஊர் ஊத்தையெல்லாம் என்ரை வாசலிலையே இறங்கவேணும்? பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடும் வருகுது."

தம்பி என்று பரமலிங்கத்தை அந்த வீட்டில் முதல்முதலாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். உள்ளே இருத்தி, கண்ணாடித் தட்டில் பயற்றம் பணியாரம் வைத்து, கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நீர்வாய் மதில் மூலைக்குப் போனது. மதில் மூலை என்றால் அது அடுத்த வீட்டுக்காரரின் வாசலுக்குக் கிட்ட. அவரும் கூப்பிட்டார், அவரும் தேத்தண்ணி கொடுத்தார். அது இன்னும் தள்ளிப்போய், அதற்கடுத்த வாயோடு முட்டியது. அருகருகே இரண்டு எதற்கு என்று இரண்டும் ஒன்றாகின. இப்படியே மேற்பக்கமும் நடந்தது, கீழ்ப்பக்கமும் நடந்தது. பள்ளத்தின் இரு பக்கமும் கிட்டவாக இருக்கவேண்டிய வாய்கள் இரண்டும் மேட்டுக்கு ஏறிவிட்டன. வெற்றிலை கொடுக்கிற வீட்டுக்கு ஒன்று, விளக்கேற்றுகிற வீட்டுக்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. பரமலிங்கத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரை கிடைத்தது.

அவருடைய மனைவி கமலாவதி முன்பள்ளி ஆசிரியை. சைக்கிளில்தான் போய்வருவாள். பேச்சில் சவர அலகு. ஒரு பின்னேரம் அவளுடைய சைக்கிளுக்கு நான் பிறேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, பரமலிங்கம் ஒரு கலியாண அழைப்பிதழோடு வந்தார். முகம் பூரித்துப்போய் இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் கமலாவதி. "உவையள் உங்களைக் கூப்பிடேல்லை. ஓட்டையைத் தள்ளி வைக்கக் கூப்பிட்டவை. ஓட்டை தள்ளினவுடனை உங்களையும் தள்ளுவினம்."

"உனக்கு ஆரையும் நம்பத் தெரியாது."

"உங்களுக்குத் தண்ணியைத் தெரியும். அதையாவது நம்புங்கோவன்."

அவர் அழைப்பிதழைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

கனகரத்தினம் ஆளனுப்பவில்லை, தானே வந்தார். வேலை நடக்கும் இடத்தில், வேலையாட்கள் பார்த்திருக்க, பரமலிங்கத்தின் தோளில் கைவைத்தார். "வாங்கோ பரமலிங்கம், உள்ளை வாங்கோ" என்றார். நான் எதிர்க்கரையில் ஒருவருக்கு ரியூப் ஒட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதே மனிதர் ஏரம்புவை 'டேய்' என்று கூப்பிட்டதைக் கேட்ட காது என்னுடையது.

இருவரும் திரும்பிப் படலைக்கு வந்தபோது பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"பள்ளத்திலை வைச்சால்தான் ஐயா தண்ணி இறங்கும்," என்றார் பரமலிங்கம். குரலில் பலமில்லை.

"மேலை அங்காலையும் இங்காலையும் வைச்சிருக்கிறியள்தானே? அதுகள் குடிச்சுப்போடும். தையிலை மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வந்து இறங்கிற வாசலிலை கானைத் திறந்து வைக்கச் சொல்லுறியளே? கலியாணத்துக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தவேணும்."

முன்னுக்கு நிண்டு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடியில் இருக்கவேண்டிய நீர்வாய் கனகரத்தினத்தின் நீண்ட மதிலைத் தாண்டி, வீதி உயர்கிற இடத்துக்குப் போனது. பள்ளத்தில் சேர்கிற தண்ணீர் அந்த வாயில் விழ வேண்டுமென்றால், முதலில் வீதி முழுவதும் நிரம்பி அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். தண்ணீர் மேடேறிப் போய் வாயைத் தேடாது என்பது பரமலிங்கத்துக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மையை அழிக்கச் சொன்னார்.

ஐப்பசியில் சிறு மழைகள் பெய்தன. வீதி கழுவிவிட்டது போலக் கிடந்தது. "பாத்தியளே, ஒண்டும் இல்லை" என்று கனகரத்தினம் எல்லோருக்கும் சொன்னார். பரமலிங்கமும் சிரித்தார்.

கார்த்திகையில் கடலில் தாழமுக்கம் வந்தது. வானம் பிளந்து கொட்டிய ஒரு காலை. மேட்டில் ஒன்றான வாய்கள் குடித்தது போக மிச்சம் கரையோடு ஓடி, அகலித்து, பள்ளத்தில் வந்து நின்றது. கனகரத்தினத்தின் வாசலுக்கு முன்னால் வீதியின் நடுக்கோடு மட்டும் வெளியே தெரிந்தது. வாகனங்கள் எல்லாம் அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் ஓடின.

முன்பள்ளியில் பிள்ளைகள் வந்து காத்து நிற்கும் என்று கமலாவதி புறப்பட்டுவிட்டாள். கரையில் எங்கே குழி, எங்கே கட்டு என்று தண்ணீருக்குள் தெரியாது. அவளும் நடுவுக்கு வந்தாள். எதிரே மரக்கறி மூட்டைகளோடு கொடிகாமத்திலிருந்து வந்த லொறியும் நடுவில்தான் வந்தது. சாரதி பிறேக் பிடித்தான். அந்தத் தண்ணீரில் அது எங்கே பிடிக்கும்?

நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். சைக்கிளைப் பிறகு யாரோ என் கடையில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார்கள். நான் மாற்றிக்கொடுத்த பிறேக் கட்டைகள் புதிதாகவே இருந்தன. அவளுடைய குடை கனகரத்தினத்தின் படலைக்கு முன்னால் மிதந்தது. அதை உள்ளே இருந்து ஒருவர் ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ளிவிட்டதைக் கண்டேன்.

கமலாவதியின் செத்தவீடு முடிந்த கையோடு விசாரணை வந்தது. கம்பனியில் இருந்தும் வீதிக்குப் பொறுப்பான கந்தோரில் இருந்தும் ஆட்கள் வந்து, நீர்வாய்களை ஏன் இடம் மாற்றினீர்கள் என்று பரமலிங்கத்தைக் கேட்டார்கள். அவர் வீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்றார். வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். பத்மாவதி ரீச்சர் தனக்கு இந்தக் கான் விஷயம் ஒன்றும் தெரியாது என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். கனகரத்தினம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்.

"நாங்கள் ஏன் கேக்கப்போறம்? தண்ணி நிண்டால் எங்களுக்குத்தானே கரைச்சல். அந்தாள் தன்ரை எண்ணத்துக்குச் செய்தது. பாவம், மனிசியும் செத்துப்போச்சு, நாங்கள் பெரிசாய்க் கதைக்க விரும்பேல்லை."

பரமலிங்கத்தை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். அவர் யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அவரைக் கொஞ்சமாவது பிடித்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போக அவருக்கு ஆளில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் வாடகை வான் ஒன்றில் கூடப் போனோம். மொட்டைத் தலையோடு கேணியில் முழுகி எழும்பிக் கரையில் உட்கார்ந்தவர், வெகு நேரம் எழும்பவில்லை. நாங்கள் கைகொடுத்துத்தான் கூட்டிவந்தோம்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வான் எங்கள் வீதிக்குள் போக முடியவில்லை. பள்ளத்தில் கொங்கிறீட் கட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்காரர்கள் எழுதிவிட்டுப் போனபடி, அடியில் நீர்வாய் வைக்கிற வேலை. புது மேற்பார்வையாளர் பிரவீணன் கையில் வரைபடத்தோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் கனகரத்தினம் நின்றார்.

"வேண்டாம் எண்டு சொல்லேல்லைத் தம்பி," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "கலியாணம் கிட்டுது. கொஞ்சம் அங்காலை தள்ளி வைச்சால் என்ன? உள்ளை வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்."

பிரவீணன் தயங்கினார். நாங்கள் வானை விட்டு இறங்கி நடந்து வந்தோம். கனகரத்தினம் பரமலிங்கத்தைக் கண்டார். ஒதுங்குவார், குறைந்தது முகத்தையாவது திருப்புவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"இவரைக் கேளுங்கோ," என்றார். "முதல் இதைப் பாத்தவர் இவர்தான். நாங்கள் சொன்னால் தட்டாத மனிசன். இவரும் தள்ளித்தான் வைச்சுத் தந்தவர். என்ன பரமலிங்கம்?"

பிரவீணன் அவரைப் பார்த்தார். "தள்ளி வைச்சால் பிழை இல்லையே அண்ணை?"

எனக்கு ஒருவரைப் பிடித்து அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. பரமலிங்கத்தின் மொட்டைத் தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. அவர் உடைபட்டுக் கிடந்த கரைக்கட்டைப் பார்த்தார், பிறகு கனகரத்தினத்தைப் பார்த்தார். வாய் பழகிய பழக்கத்துக்குத் திறந்தது.

"ஓம் ஐயா," என்றார்.

பிரவீணன் படலையடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்.