ஈரத் துண்டுகளின் கணக்கு

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கடைக்காரர் எண்ணிக் கொடுத்த சில்லறையை அவர் கண் முன்னாலேயே மறுபடி எண்ணுவேன். என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்துகொண்டே ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டியபோது, "நீ இருக்கும்போது ஒரு பயலும் ஏமாத்த முடியாது" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்துநாலு அறை. பாதி அவர் சம்பாத்தியம், பாதி பேங்க் கடன். குடியிருந்தது ராமநாதபுரத்தில். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினால் பாம்பன் பாலம் தாண்டி லாட்ஜுக்குள் நுழையப் பதினோரு மணி ஆகும். நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன். மற்ற நேரமெல்லாம் மேனேஜர் பொறுப்பு. தங்கச்சிமடத்துக்காரர், ஐம்பது வயது, முன்பு மீன் கம்பெனியில் கணக்கு எழுதியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடுவது வேறு, நம்புவது வேறு.

அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. ரயிலை நம்பி வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் நின்றுபோனார்கள். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் விடியற்காலையில் இறங்கி, குளித்து, சாமி கும்பிட்டு, மத்தியானத்துக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சில நாள் மூன்று அறைக்குத்தான் ஆள் இருந்தது.

யாருக்கு முதலில் பணம் கொடுப்பது என்று வரிசை போட்டேன். கரண்டுக்காரன் பீஸைப் பிடுங்கிவிடுவான், அதனால் கரண்ட் பில் முதலில். அடுத்து தண்ணீர் லாரி, அது இல்லாமல் ஒரு அறைகூட விட முடியாது. மிச்சம் பேங்குக்கு. மளிகைக் கடையும் சலவையும் காத்திருக்கட்டும். வேலையாட்களுக்கு ரயில் வருகிற வரைக்கும் பாதிச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு. மேல்மாடியைப் பூட்டினேன். இத்தனை செய்தும் இரண்டு தவணை தவறிவிட்டது. மூன்றாவதும் சேர்ந்தால் வாராக்கடன் ஆகிவிடும், பிறகு கட்டடத்துக்கு நோட்டீஸ்தான் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு தவணையாவது கட்டியாக வேண்டும். வளையல் ஆறையும் அடகு வைத்தேன். அப்படியும் நாலாயிரம் குறைந்தது.

வழக்கமாக மேனேஜரிடம் கொடுக்கும் மாதச் சீட்டை அந்த வாரம்தான் சலவைக்காரர் என்னிடமே கொண்டுவந்தார். விரிப்பு எண்பது, துண்டு ஐந்நூற்றுப் பத்து. விரிப்பு ரெஜிஸ்டரோடு ஒத்துப்போனது. துண்டு? படுக்காமல் துடைத்துக்கொண்டு மட்டும் போகிற விருந்தாளி யார்?

"இங்கயிருந்து போட்டு அனுப்புனதைத்தானம்மா வெளுத்தேன்" என்றார் சலவைக்காரர்.

இந்த மேனேஜர் மணிக்கணக்கில் அறை விடுகிறானா? ஜோடிகளுக்கா? போலீஸ் வந்தால் யார் பெயர் கெடும்? இன்னொன்றும் உறைத்தது. பாதிச் சம்பளம் என்று அறிவித்த பிறகும் சமையல்காரர், ரூம் வேலை பார்க்கும் இருவர், கூட்டுகிற அம்மா, நாலு பேரில் ஒருவர்கூட வேலையை விடவில்லை. விசுவாசம் என்று வீட்டுக்காரரிடம் போனில் பெருமையடித்திருந்தேன். பாதிச் சம்பளத்துக்கு யாராவது சிரித்த முகத்தோடு வேலை செய்வார்களா? எல்லோரும் கூட்டு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஏழு மணிக்கு லாட்ஜ் வாசலில் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றது. உள்ளே தரையெல்லாம் ஈரம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்த வடநாட்டுப் பெண்கள் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக் கூடாது. உடை மாற்ற மறைவாக ஓர் இடம் வேண்டும். மேனேஜர் தலைக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்து அறை அறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

பஸ் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்து மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"எத்தனை நாளா நடக்குது அண்ணே இது?"

"அஞ்சு மாசமாம்மா." மறைக்கவில்லை. மேசைக்குள்ளிருந்து ஒரு டைரியையும் ஒரு கவரையும் எடுத்து வைத்தார். "ஆளுகளுக்கு மீதிப் பாதிச் சம்பளத்தை இதுலதான் கொடுக்கேன். இந்த மாசத்துக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டியது கவர்ல இருக்கு."

"நான் வளையலை அடகு வச்சிட்டு நிக்கேன். நீங்க என் ரூமை வச்சு தர்மம் பண்றீகளா?"

"சொல்லியிருந்தா அம்புட்டையும் பேங்குக்குக் கொண்டு போயிருப்பீக. ஆளுக திருப்பூருக்குப் போயிருப்பாக. ரயில் வாரப்ப யாரை வச்சும்மா நடத்துறது?"

கவரில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. இரண்டு முறை எண்ணினேன். டைரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருடன் எழுதின கணக்கில் என்ன இருக்கப்போகிறது? அன்றைக்கே தவணையைக் கட்டினேன். பேங்கை விட்டு வெளியே வந்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

சனிக்கிழமை எல்லோரையும் நிற்க வைத்து, இனி பாதிதான், அதையே நான்தான் தருவேன் என்றேன். திங்கட்கிழமை ரூம் வேலைக்காரர் இருவரும் வரவில்லை. அடுத்த வாரம் சமையல்காரர். உடை மாற்ற இடம் உண்டு என்று நான் வாசலில் போர்டு மாட்டினேன், ரசீதுப் புத்தகம் அடித்தேன், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஈரத்தைத் துடைக்கத்தான் ஆள் இல்லை. முதல் பஸ்காரர்கள் மிதித்த சேற்றிலேயே அடுத்த பஸ்காரர்கள் நின்றார்கள். மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மாப் போட்டார். மூன்றே வாரத்தில் கைடுகள் பஸ்ஸை எதிர் லாட்ஜுக்குத் திருப்பிவிட்டார்கள். அடுத்த தவணைக்குக் கழுத்துச் சங்கிலி போனது. தினமும் வந்த சின்ன வரும்படியை ஒரே நாள் தவணைக்காக நானே வாரிக் கொட்டியிருந்தேன். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வழியாக ரயில் வந்தது. கூட்டமும் வந்தது. புது ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து, கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர்களுக்கு வேலை பழகுகிற வரைக்கும் இருந்துவிட்டு, ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார் மேனேஜர்.

போகிற அன்றைக்குத் தன் பையைக் கவுண்டரில் வைத்து ஜிப்பைத் திறந்தார்.

"பாத்துருங்கம்மா. பின்னால உங்களுக்கு மனசு கிடந்து அடிக்கக் கூடாது."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. என் குணம் தெரிந்தவர் எனக்காகச் சொன்னது. வேண்டாம் அண்ணே என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் கை பைக்குள் போய்விட்டது.

இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு ஜெபமாலை. அடியில் அந்த டைரி.

பிரித்தேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம். சமையல்காரர், ரூம் வேலைக்காரர் இருவர், கூட்டுகிற அம்மா, கடைசியாக மேனேஜர். நாலு கட்டத்தில் மாதா மாதம் தொகையும் கையெழுத்தும் இருந்தன. ஐந்தாவது கட்டத்தில் ஐந்து மாதமும் ஒன்றும் எழுதவில்லை. அவரும் பாதிச் சம்பளக்காரர்தான்.

அப்போதாவது டைரியை மூடியிருக்கலாம். அவர் எதிரே நிற்க, கால்குலேட்டரை இழுத்து வைத்து முதல் பக்கத்திலிருந்து கூட்டினேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றுகூடச் சொல்லாமல் காத்திருந்தார். கூட்டல் சரியாக இருந்தது.